கூழ்ப்பானைப் பாட்டு: ழ் கூட்டெழுத்து வராத பிள்ளைக்கு நாப்பயிற்சிப் பாட்டு கட்டுறது எப்படி, சொல்லிக்குடுக்குறது எப்படி

ஸ்பீச் தெரபிக்கு வர்ற வீட்டுல முக்கால்வாசிப் பேரு ஏற்கனவே ஒன்னு ட்ரை பண்ணிட்டுதான் வருவாங்க, "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல வழுக்கி விழுந்தான்"னு பிள்ளைய தினமும் இருவது தடவ சொல்ல வச்சிருப்பாங்க, பிள்ளையும் அத நல்லாவே சொல்லும், ஆனா "தமிழ்ப்பாடம்"னு சொல்லச் சொன்னா "தமிப்பாடம்"னு வரும். அம்மாவுக்கு கொழப்பமா இருக்கும், ழ தான் வருதே அப்புறம் ஏன் இங்க மட்டும் காணோம்னு.

காரணம் சிம்பிள். அந்தக் கிழவன் பாட்டுல ஒவ்வொரு ழ-வும் ரெண்டு உயிர் ஒலிக்கு நடுவுல உக்காந்திருக்கு, ஏழை, கிழவன், வாழை, பழம், எல்லாமே அப்படித்தான். நாக்கு வளைஞ்சு உடனே விரிஞ்சுடலாம், அவசரம் எதுவும் இல்ல. "தமிழ்ப்பா"ல அப்படி இல்ல, ழ் முடியுறதுக்குள்ள உதடு மூடி ப் வந்து நிக்கணும், அப்புறம் இன்னொரு ப வெடிக்கணும், மூணு மெய் ஒலி வரிசையா, நடுவுல மூச்சு விட உயிரே இல்ல. "கடலோரம் உரல் உருளுது" பாட்டும் இதே கதைதான், அது ல, ர, ள மாத்தி மாத்தி சொல்ற பயிற்சி, கூட்டு மெய்க்கு அதுல வேலையே இல்ல.

தமிழ்ல இந்த மாதிரி ஒரு மெய்க்கு அப்புறம் ரெட்டிச்ச மெய் வர்றதுக்கு மூணே மூணு எழுத்துக்குத்தான் அனுமதி, ய், ர், ழ். தொல்காப்பியத்துல எழுத்ததிகாரம் மொழிமரபுலயே இத ஈரொற்றுன்னு சொல்லி வச்சிருக்கு. காய்ச்சல், உணர்ச்சி, வாழ்க்கை. இதுல ய் கூட்டு பெரும்பாலும் பிள்ளைங்களுக்கு சீக்கிரம் வந்துடும், ர் கூட்டுல ஒரு தனிச் சிக்கல் இருக்கு (கீழ சொல்றேன்), அதனால இங்க ழ் கூட்டு மட்டும் எடுத்துக்குறேன்.

முதல் வேலை: வார்த்தைய சலிக்கிறது

பாட்டு எழுத உக்காந்த உடனே எல்லாரும் பண்ற தப்பு, புத்தகத்துல இருந்து வார்த்தை எடுக்குறது. நானும் பண்ணிருக்கேன். முதல் தடவ எழுதுன பாட்டுல தாழ்ப்பாள், சர்க்கரை, பார்த்தேன் எல்லாம் போட்டு ரொம்ப அழகா எதுகை மோனையோட கட்டிட்டு வந்தேன், பையனோட பாட்டி கேட்டுட்டு "தாப்பான்னுதானம்மா நாங்க சொல்லுவோம், பேரன் சரியாத்தானே சொல்றான்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி.

பேச்சுத் தமிழே பாதி கூட்டெழுத்த ஏற்கனவே கரைச்சிருச்சு. பார்த்தேன் பாத்தேன் ஆச்சு, சேர்த்து சேத்து ஆச்சு, சர்க்கரை சக்கரை, கேட்க கேக்க, விற்க விக்க, தாழ்ப்பாள் தாப்பா. இதையெல்லாம் பயிற்சிப் பாட்டுல போட்டா ரெண்டு விதமா கெடும். ஒன்னு, வீட்டுல யாருமே அப்படிப் பேசாததால பிள்ளைக்கு கேக்குறதுக்கு மாதிரியே இருக்காது. ரெண்டு, சரியாப் பேசுற பிள்ளைய தப்புன்னு மார்க் பண்ணிடுவோம். ர் கூட்டுல இந்த மாதிரி கரைஞ்ச வார்த்தை ரொம்ப அதிகம், அதான் அத தனியா வச்சுக்கணும்னு சொன்னேன்.

அதனால சலிக்கிற விதி ஒன்னே ஒன்னு. அந்த வீட்டுப் பெரியவங்க அவசரமா, கோவமா பேசும்போதும் அந்த மெய் நிக்குதான்னு பாருங்க. வாழ்க்கை, மகிழ்ச்சி, நிகழ்ச்சி, தமிழ்ப்பாடம், கீழ்ப்படி, இதெல்லாம் பெரும்பாலான வீட்டுல நிக்கும். சந்தேகம்னா பத்து வார்த்தைய எழுதி வச்சுக்கிட்டு அப்பா அம்மாவ சும்மா பேச வச்சு காதுல வாங்குங்க, வாசிக்கச் சொல்லாதீங்க, வாசிச்சா எல்லாரும் நியூஸ் ரீடர் ஆயிடுவாங்க.

ஊர் வழக்கையும் இங்கயே கவனிச்சுக்கணும். தெக்கத்தி மாவட்டத்துல நெறைய வீட்டுல ழ-வே ள தான், வாளப்பளம்னுதான் சொல்லுவாங்க, யாழ்ப்பாணத்துப் பேச்சுலயும் அப்படித்தான். சென்னையில சில வீட்டுல அது ய ஆகும். இதெல்லாம் குறைபாடு கிடையாது. அப்படி வீட்டுல வளர்ற பிள்ளை "கூள்ப்பானை"ன்னு சொன்னா கூட்டு சரியா வந்துருச்சுன்னுதான் நான் எழுதுவேன், "கூப்பானை"ன்னு சொன்னாதான் வேலை இருக்கு.

ரெண்டாவது: எது சுலபம், எது கஷ்டம்னு அடுக்குறது

ழ் சொல்லும்போது நாக்கு நுனி பின்னால வளைஞ்சு மேல தூக்கி நிக்கும், ஆனா எங்கயும் தொடாது, நாக்கோட ரெண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பல்லுல லேசா ஒட்டியிருக்கும், குரல் நடுவுல ஓடும். ள-வுல நுனி மேலண்ணத்த தொட்டுடும், குரல் ரெண்டு ஓரம் வழியா ஓடும். இப்ப இதுக்கு அப்புறம் என்ன எழுத்து வருதோ அத வச்சு கஷ்டம் மாறும்.

ப் வந்தா வேலை உதட்டுக்கு, நாக்கு வளைஞ்ச இடத்துலயே இருக்கலாம், அதனால ழ்ப்ப தான் முதல் படி. க் வந்தா நாக்கோட பின்பக்கம் எழும்பணும், நுனி பெருசா ஓட வேணாம், அது ரெண்டாவது. த் வந்தா பின்னால வளைஞ்ச அதே நுனி மேல்பல்லு வரைக்கும் ஓடி வரணும். ச் வந்தா நுனி இறங்கி நாக்கோட முன்பகுதி முழுசா அண்ணத்துல அப்பணும். என் கையில வந்த பிள்ளைங்க பெரும்பாலும் இதே வரிசையிலதான் ஏறுனாங்க, ழ்ச்ச தான் கடைசி வரைக்கும் மல்லுக்கட்டும். மகிழ்ச்சி மகிச்சி ஆகுறது இதனாலதான்.

மூணாவது: பாட்டு

நாலு கூட்டும் வரணும், ஒரே வார்த்தைய வச்சு வரணும், பிள்ளைக்கு அர்த்தம் தெரிஞ்ச பொருளா இருக்கணும். யோசிச்சு யோசிச்சு கடைசில ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறப்பதான் பொறி தட்டுச்சு. கூழ்னு ஒரு வார்த்தை, அதுகூட பானை, கரண்டி, தூக்கு, சட்டி சேந்தா நாலு கூட்டும் தானா வருது. கீழ் சேத்தா இன்னொரு மூணு.

கூழ்ப்பானை கொண்டுவா
கீழ்ப்படியில் வச்சுட்டுவா
கீழ்ப்படியில் கூழ்ப்பானை
மேல்படியில் பால்பானை

கூழ்க்கரண்டி காணுமே
கீழ்க்கிளையில் தொங்குமே
கீழ்க்கிளையில் கூழ்க்கரண்டி
மேல்கிளையில் பால்கரண்டி

கூழ்த்தூக்கு ஆறுது
கீழ்த்தட்டில் ஆடுது
கீழ்த்தட்டில் கூழ்த்தூக்கு
மேல்தட்டில் பால்தூக்கு

கூழ்ச்சட்டி காலியாச்சு
பால்சட்டி மீதியாச்சு
மகிழ்ச்சியில தமிழ்ச்செல்வி
மறுபடியும் கூழ்ச்சட்டி

ஒரு கட்டுக்கு நாலு எடம், மொத்தம் பதினாறு எடத்துல ழ் கூட்டு வருது. மூணாவது கட்டுல கீழ்த்தெருன்னு போடத்தான் முதல்ல ஆசைப்பட்டேன், ஆனா ஊர்ல யாரும் கீழ்த்தெருன்னு சொல்றதில்ல, நடுவுல ஒரு அ வந்துடுது, கூட்டே போச்சு, அதான் தட்டு ஆச்சு. பால், மேல் வர்ற ஏழு எடமும் சும்மா எதுகைக்காக இல்ல, அது பொறி. கூழ்ப்பானையில ப் ரெட்டிக்கும், பால்பானையில ரெட்டிக்காது, நாக்கும் வேற எடம். பிள்ளை மனப்பாடமா ஒரே அச்சுல ஊத்திக்கிட்டே போனா இந்த எடத்துல மாட்டிக்கும், பால்ப்பானைன்னோ பாழ்ப்பானைன்னோ வரும். அப்படி வந்தா அது காதால கேட்டு சொல்லல, ராகத்துல சொல்லுதுன்னு அர்த்தம்.

கரண்டி ஏன் மரக்கிளையில தொங்குதுன்னு எல்லாப் பிள்ளையும் கேக்கும். கேக்கட்டும், பதில் சொல்லும்போது "கீழ்க்கிளை"ன்னு இன்னொரு தடவ வாயில வரும்ல.

ஒரு சின்ன சிக்கல் இருக்கு, கூழ்னு தனியா சொல்லும்போது பேச்சுல எல்லாரும் "கூழு"ன்னு ஒரு உ ஒட்டித்தான் சொல்லுவோம், அது தப்பில்ல. பானையோட சேரும்போது அந்த உ போகணும். "கூழுப்பானை"ன்னு வர்ற பிள்ளைக்கு இதே எடம்தான் பயிற்சி.

நாலாவது: எந்தத் தப்புன்னு கண்டுபிடிக்கிறது

பாட்ட முதல் நாளே ஓட விடாதீங்க. பதினாறு எடத்துல வர்ற வார்த்தைங்களயும் தனித்தனியா, படம் காட்டியோ நீங்க சொல்லியோ, பிள்ளைய சொல்ல வச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறமா உக்காந்து கேட்டு ஒவ்வொன்னுக்கும் ஒரு குறி போடுங்க, சரி, விட்டுது, மாத்துது, சேத்துது. கூப்பானைன்னா விட்டுது. கூல்ப்பானை, கூய்ப்பானைன்னா மாத்துது. கூழுப்பானைன்னா சேத்துது. நேர்ல கேக்கும்போதே மார்க் போட்டா பெரும்பாலும் ஏமாந்துடுவோம், நமக்கு வார்த்தை தெரியும்ங்கறதால மூளை ழ்-அ தானா நிரப்பிக்கும். முடிஞ்சா பாட்டு தெரியாத ஒருத்தர்கிட்ட ரெக்கார்டிங்க குடுத்து "என்ன கேக்குது, அப்படியே எழுதுங்க"ன்னு சொல்லுங்க.

மூணு தப்புக்கும் மருந்து ஒன்னு கிடையாது, இங்கதான் நெறைய வீட்டுல மாசக்கணக்கா வீணாப் போகுது.

மாத்துற பிள்ளைக்கு, வீட்டு வழக்குல ழ இருந்தும் அதுக்கு மட்டும் வரலன்னா, இந்தப் பாட்டு இப்போ வேணாம். தனி ழ் முதல்ல வரணும். வாய லேசா தொறந்து ஆ...ன்னு இழுக்கச் சொல்லி, இழுத்துக்கிட்டே நாக்கு நுனிய பின்னால சுருட்டச் சொல்லுங்க, ஆ மெல்ல ழ் ஆகும். கண்ணாடி இதுக்கு பெருசா உதவாது, நாக்கு உள்ள மறைஞ்சிருக்கும், கடைவாய்ப் பல்லுல ஓரம் ஒட்டுதான்னு பிள்ளையே உணரணும். ள-வா ழ-வான்னு சந்தேகம் வந்தா முடியுற எடத்தக் கேளுங்க, ள-வுல நாக்கு ஒட்டுனது விடுறப்ப ஒரு சின்னத் தட்டு கேக்கும், ழ-வுல அது இல்லாம வழுவிப் போகும். ஆறு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைக்கு ழ வரலன்னா நான் அவசரப்படுறதில்ல, தமிழ்ப் பிள்ளைங்களுக்கு கடைசியா வர்ற ஒலிகள்ல அதுவும் ஒன்னு.

விடுற பிள்ளைக்கு தனி ழ் தெரியும், கூட்டுல நேரம் பத்தல, அவ்வளவுதான். ரெண்டு சீட்டுல கூழ், பானைன்னு எழுதி (எழுதத் தெரியலன்னா படம்) மேசையில ஒரு முழம் தள்ளி வைங்க. முதல் சீட்டத் தொட்டு கூழ், ரெண்டாவது சீட்டுக்கு கை போய்ச் சேந்ததும் பானை. அப்புறம் ஒரு சாண், அப்புறம் நாலு விரல், அப்புறம் ஒட்டி வைங்க. இடைவெளி சுருங்கச் சுருங்க எந்தத் தூரத்துல ழ் காணாமப் போகுதுன்னு பாருங்க, அதுக்கு முந்தின தூரத்துல ரெண்டு நாள் இருங்க. கூடவே பின்னால இருந்து கோக்குறதும் நல்லா வேலை செய்யும், பானை, ப்பானை, ழ்ப்பானை, கூழ்ப்பானை. இப்படிச் சொன்னா கஷ்டமான எடம் வார்த்தையோட ஆரம்பத்துல வந்து நிக்கும், பிள்ளை கவனம் அங்க போகும்.

உ சேக்குற பிள்ளைக்கு சீட்டு வச்சா இன்னும் மோசமாகும், ஏன்னா இடைவெளி கிடைச்சா அதுல உ தான் வந்து குடியேறும். இதுக்கு புடிச்சு நிறுத்துறதுதான் வழி. "கூழ்ப்" வரைக்கும் சொல்லி உதட்ட இறுக்கி மூடி மனசுக்குள்ள ஒன்னு, ரெண்டு எண்ணி அப்புறம் "பானை". உதடு மூடியிருந்தா உ எங்க இருந்து வரும்? ப் கூட்டுல இது நல்லா வந்த அப்புறம் அதே நிறுத்தத்த கூழ்க், கூழ்த், கூழ்ச் மூணுக்கும் கொண்டு போங்க. அங்க உதடு உதவாது, அதனால பிள்ளையோட கைய அதோட தொண்டையில வைக்கச் சொல்லுங்க, ழ்-ல அதிர்வு இருக்கும், நிறுத்தத்துல சுத்தமா நின்னுடணும்.

நாக்க வெளிய நீட்டி ஆட்டுறது, மூக்கத் தொட வைக்கிறது, ஸ்ட்ரா ஊதுறது, இதெல்லாம் சேத்துப் பண்ணணுமான்னு கேப்பாங்க. வேணாம். ழ் வரணும்னா ழ் தான் சொல்லணும், மூக்கத் தொட்ட நாக்கு மூக்கத் தொடத்தான் கத்துக்கும்.

அஞ்சாவது: பாட்ட ஓட்டுறது

ஒரு கட்டுல இருக்குற வார்த்தைங்கள தனியா இருவது தடவ சொன்னா பதினாறு தடவ சரியா வரணும், அடுத்தடுத்து ரெண்டு நாள் அப்படி வரணும், அப்பதான் அந்தக் கட்ட பாட்டா சொல்ல விடுவேன். அதுக்கு முன்னாடி விட்டா தப்பயே வேகமா சொல்லப் பழகிடும். ஒரு தடவைக்கு பத்து நிமிஷம், காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு, போதும்.

பாட்டுல ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு தட்டு, கூழ்ப்பானை ஒன்னு, கொண்டுவா ஒன்னு. போன்ல மெட்ரோனோம் ஆப் போட்டு நிமிஷத்துக்கு 40-ல ஆரம்பிங்க, ஒரு தட்டுக்கு ஒன்றரை நொடி கிடைக்கும், எரிச்சலூட்டுற அளவுக்கு மெதுவாத்தான் இருக்கும், இருக்கட்டும். பதினாறுல பதிமூணு சரியா வந்தா 10 கூட்டுங்க, குறைஞ்சா 10 குறைங்க. 80 வந்தா சாதாரணப் பேச்சுக்கு அது போதும். அதுக்கு மேல போறது விளையாட்டு, பிள்ளை கேட்டா போங்க, நீங்களா ஏத்தாதீங்க, வேகம் ஏற ஏற எல்லா மனுசனும்தான் கூட்ட விடுவான், நானும் 140-ல மகிச்சின்னுதான் சொல்றேன்.

இந்தப் பாட்ட குடுக்கக் கூடாத ஆளுங்களும் இருக்காங்க. திக்குற பிள்ளைக்கு தாளம் போட்டு வேகம் ஏத்துற வேலையே வேணாம். காது டெஸ்ட் பண்ணாத பிள்ளைக்கு முதல்ல அத முடிங்க. அண்ணப்பிளவு இருந்து ஆபரேஷன் ஆன பிள்ளை ப், க் சொல்லும்போது காத்து மூக்கு வழியா போனா அது வேற பிரச்சனை, ஸ்பீச் தெரபிஸ்ட் நேர்ல பாக்கணும். பக்கவாதத்துக்கு அப்புறம் பேச்சு குழறுற பெரியவங்களுக்கும் இத அப்படியே குடுக்காதீங்க.

ஆறாவது: பாட்டுக்கு வெளிய வருதா

இது இல்லன்னா மேல சொன்ன எல்லாமே வேஸ்ட். பாட்டுல இல்லாத பத்து வார்த்தை தனியா எடுத்து வைங்க, வாழ்க்கை, வாழ்த்து, நிகழ்ச்சி, புகழ்ச்சி, வீழ்ச்சி, சூழ்ச்சி, தமிழ்ப்பாடம், தமிழ்த்தாய், யாழ்ப்பாணம், கீழ்ப்பாக்கம். இத ஒருபோதும் பயிற்சியா குடுக்காதீங்க, வாரத்துக்கு ஒரு தடவ சும்மா கேட்டு மார்க் மட்டும் போடுங்க, தப்பா சொன்னாலும் திருத்தாதீங்க. பாட்டு ஏறி இந்தப் பத்து ஏறலன்னா பிள்ளை பாட்டத்தான் கத்துக்கிட்டிருக்கு, கூட்ட இல்ல. அப்ப பாட்ட ஒடைச்சு பேச்சாக்குங்க, "கூழ்ப்பானைய யாரு கீழ்ப்படியில வச்சா?", "கரண்டி எந்தக் கிளையில?", ராகம் இல்லாம, தாளம் இல்லாம.

ஒரு பையன வச்சு சொல்றேன். ஒன்பது வயசு, நெல்லைப் பக்கத்துக் குடும்பம், அம்மா பேச்சுல ழ எல்லாம் ள. முதல் நாள் பதினாறுல நாலு சரி (ள போட்டு சொன்னதையும் சேத்துத்தான்), ஒன்பது விட்டது, மூணு உ சேத்தது, அந்த மூணும் ழ்ச்ச கட்டுலதான். பத்து வார்த்தையில ரெண்டே ரெண்டு. விட்டதுதான் அதிகம்ங்கறதால சீட்டு வச்சு ஆரம்பிச்சோம், ழ்ப்ப அஞ்சு நாள்ல வந்துருச்சு, ழ்க்க ஒரு வாரம், ழ்த்த கிட்டத்தட்ட அதே. ழ்ச்ச-வுக்கு நான் பழக்க தோசத்துல அதே சீட்ட எடுத்தேன், "கூளுச்சட்டி" இன்னும் கெட்டியாச்சு, நாலு நாள் அப்படியே போச்சு. ரெக்கார்டிங்க திரும்பக் கேட்டப்பதான் உறைச்சுது இவன் இங்க விடல, சேக்குறான்னு. சீட்ட தூக்கிப் போட்டுட்டு தொண்டையில கை வச்சு நிறுத்தம் போட்டோம், பத்து நாள்ல வந்துருச்சு. ஏழாவது வாரம் பாட்டு 80-ல பதினாலு, பத்து வார்த்தையில ஏழு.

ஸ்கூல் பிரேயர்ல "தமிழ்த்தாய் வாழ்த்து"ன்னு அறிவிக்கிற முறை அவனுக்கு வந்துச்சு, ரெண்டு வார்த்தையிலயும் ழ்த்த, முன்னாடியெல்லாம் அத "தமித்தாய் வாத்து"ன்னு சொல்லி வகுப்பே சிரிச்சிருக்கு. அன்னைக்கு "தமிள்த்தாய் வாள்த்து"ன்னு தெளிவா சொல்லிட்டான். சாயங்காலம் அம்மா போன் பண்ணி, "மேடம், இன்னைக்கு யாரும் சிரிக்கல, ஆனா டீச்சர் ழ வரலைங்காங்க"ன்னாங்க. உங்க வீட்ல யாருக்கு வருதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் சிரிச்சுட்டாங்க. அவனுக்கு மேடையில பேச ஆசை இருந்தா ழ-வ தனியா ஆரம்பிக்கலாம், அவனையே கேட்டுட்டு வாங்கன்னு சொல்லி வச்சேன்.